ஹிப் டிஸ்பிளேசியா: பெரிய இன நாய்களின் இடுப்பு மூட்டும் தவறவிடக் கூடாத மாதங்களும்

ஆறேழு மாத லாப்ரடோர் குட்டி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முயல் மாதிரித் துள்ளினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். விளையாட்டு வேகத்தில் எப்போதாவது அப்படித் தாவினால் கவலை இல்லை. ஆனால் மெல்லோட்டத்திலும் மாடிப்படியிலும் ஒவ்வொரு முறையும் இரண்டு கால்களும் சேர்ந்தே போகின்றன என்றால், ஒரு பின்னங்காலில் மட்டும் பாரத்தைத் தாங்க அந்தக் குட்டிக்கு விருப்பமில்லை. லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர், சென்ட் பேர்னாட் போன்ற பெரிய இனங்களில் இதைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹிப் டிஸ்பிளேசியாவை. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வதுதான் அது.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி பதிந்து சுழல்வதைப் போல இரண்டும் ஒட்டிச் சுழன்றால் தேய்மானம் குறைவு. குழவி ஆடத் தொடங்கினால் குழியின் விளிம்பில் மோதி மோதி அதைத் தட்டையாக்கும். டிஸ்பிளேசியா உள்ள குட்டி பிறக்கும்போது மூட்டு சாதாரணமாகவே இருக்கும். அதன்பின் வரும் வாரங்களில் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. தளர்ந்த மூட்டில் ஒவ்வோர் அடிக்கும் உருண்டை சற்று வெளியே நழுவித் திரும்பி உள்ளே விழுகிறது. குழியின் எலும்பு இன்னும் மென்மையாக இருக்கும் வயது அது. ஆகவே குழி ஆழமாக வளராமல் தட்டையாகவும், உருண்டை உருண்டையாக வளராமல் சப்பையாகவும் ஆகின்றன.

இந்த நோயின் போக்கில் பலரை ஏமாற்றும் ஒரு திருப்பம் உண்டு. நான்கு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் நொண்டிய குட்டி, ஒன்றேகால் வயது ஆகும்போது ஓரளவு நன்றாக நடக்கத் தொடங்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகி, ஆட்டத்தைக் குறைத்துவிடுவதே காரணம். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான். மூட்டு சரியாகவில்லை; வாதம் மெதுவாக வளரும் கட்டத்துக்குள் போயிருக்கிறது. ஐந்து, ஆறு, எட்டு வயதில் வலி திரும்பி வரும்போது குருத்தெலும்பு தேய்ந்து, குழியின் விளிம்பில் புதிய எலும்பு முளைகள் வளர்ந்திருக்கும். குழியின் வடிவத்தை மாற்றும் சத்திரசிகிச்சைகள் எல்லாம் அந்த முதல் கட்டத்தில், வாதம் தொடங்குமுன் மட்டுமே பயன் தரும். அதனால்தான் மாதக் கணக்கு இவ்வளவு முக்கியம்.

எங்கிருந்து வருகிறது

அடிப்படை பரம்பரை. ஒரே ஒரு மரபணு அல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. ஆகவே நன்றாக நடக்கும் தாய்க்கும் தந்தைக்கும் கெட்ட மூட்டுள்ள குட்டி பிறக்கலாம். குட்டி வாங்கும்போது காட்டப்படும் வம்சாவளிச் சான்றிதழ் பெற்றோர் யார் என்று சொல்லும். அவற்றின் இடுப்பு எப்படி என்று சொல்லாது. கேட்க வேண்டியது இரண்டு பெற்றோரினதும் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையை.

மரபணு துப்பாக்கியை ஏற்றி வைத்தாலும் எவ்வளவு கேடு நடக்கும் என்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைக் குட்டிப் பருவம் முதல் வாழ்நாள் முழுதும் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. நாய்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கைக் குறைத்தே மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களில் இடுப்பு வாதம் குறைவாக வந்தது, வந்தபோதும் பல ஆண்டு தாமதமாக வந்தது. அவற்றின் இடைநிலை ஆயுளும் 11.2 ஆண்டிலிருந்து 13 ஆண்டாகக் கூடியது. இந்த நோய்க்கு எதிராக எந்தக் குளிசையும் இவ்வளவு தெளிவான பலனைக் காட்டியதில்லை.

கல்சியம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே அதுதான் அதிகம் தவறுகிறது. "எலும்பு பலமாகட்டும்" என்று பெரிய இனக் குட்டிக்குக் கல்சியம் பாணி ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சில மாதமே ஆன குட்டியின் குடல், வேண்டாத கல்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாதது. உள்ளே போனதில் பெரும்பகுதி உடம்பில் ஏறி, எலும்பின் வளர்ச்சியைக் குழப்பும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவைக் கொடுப்பவர்கள் மேலதிகமாக ஒரு துளி கல்சியமும் சேர்க்கக் கூடாது. வீட்டில் சோறும் எலும்பில்லாத கோழி இறைச்சியும் மட்டும் கொடுப்பவர்களுக்குப் பிரச்சினை நேர்மாறானது. அந்தச் சாப்பாட்டில் கல்சியம் போதவே போதாது. அங்கே எவ்வளவு சேர்ப்பது என்பதை மிருக வைத்தியர் நிறுத்துக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

கொழும்பு வீடுகளுக்கே உரிய இரண்டு விடயங்கள் தரையும் படியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் பளபளக்கும் டைல்ஸ் தரையில் குட்டியின் பின்னங்கால்கள் பக்கவாட்டில் வழுக்கி விரிகின்றன. தளர்ந்த மூட்டை வெளியே இழுப்பதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம். நோர்வேயில் நான்கு பெரிய இனங்களில் செய்த ஆய்வில், பிறந்த முதல் மூன்று மாதத்தில் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு ஆபத்து கூடியது. அதே வயதில் மேடு பள்ளமான மண்ணில் சங்கிலியின்றித் தானாக ஓடித் திரிந்தவற்றுக்கு ஆபத்து குறைந்தது. மூன்று மாதம் வரை படியில் தூக்கிக்கொண்டு போங்கள். புல்லில் இறக்கி விடுங்கள்.

வீட்டில் எதைப் பார்ப்பது

நொண்டுவதற்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். இரண்டு இடுப்பும் ஒரேயளவு வலித்தால் நாய் எந்தக் காலைத்தான் நொண்டுவது? பாரத்தை முன்னங்கால்களுக்கு மாற்றிக்கொள்ளும். மார்பும் தோளும் திரண்டு, பின்தொடை மெலிந்து போகும். மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் ஒடுங்கியும் தெரியும்.

தூங்கி எழும் நேரத்தைக் கவனியுங்கள். நல்ல மூட்டுள்ள நாய் பின்னங்காலால் உந்தி எழும்பும். டிஸ்பிளேசியா உள்ளது முன்னங்கால்களை ஊன்றி, உடலை இழுத்துத் தூக்கும். முதல் பத்துப் பதினைந்து அடி விறைப்பாக நடந்துவிட்டுப் பிறகு இளகும். மாலையில் நன்றாக ஓடிவிட்டு மறுநாள் காலையில் எழும்ப மறுப்பதும் இதே கதைதான். வாகனத்தில் ஏற, சோபாவில் தாவத் தயங்கும். நடக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடும்.

வைத்தியரின் மேசைக்குப் போனதும் பதற்றத்தில் நாய் நன்றாகவே நடந்து காட்டிவிடும். ஆகவே வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வழுக்காத தரையில், சங்கிலியைத் தளர்த்திப் பிடித்து, ஒருவர் நேராக நடத்திக்கொண்டு போக, மற்றவர் நாயின் இடுப்பு உயரத்துக்குக் குனிந்து பின்னாலிருந்து எடுக்க வேண்டும். நடை இருபது வினாடி, மெல்லோட்டம் இருபது வினாடி, பிறகு பக்கத்திலிருந்து அதே மாதிரி. தூங்கி எழும்புவதையும் தனியாக எடுத்துவிடுங்கள்.

பின்னங்காலில் வரும் எல்லா வலியும் இடுப்பிலிருந்து வருவதில்லை. இலங்கையில் முதலில் ஒதுக்கிவிட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அது மூட்டுகளை வீங்கச் செய்யும், இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று மாறும். கூடவே காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளிறிய ஈறு இருக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வயது வந்த பெரிய நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், முழங்காலின் உள்ளே உள்ள தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். உட்காரும்போது அந்த முழங்காலை மடக்காமல் பக்கத்தில் நீட்டி வைக்கும். வயதான ஜேர்மன் ஷெப்பர்ட் வலியே இல்லாமல் பின்பாதத்தைத் தரையில் இழுத்து, நகத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் பிரச்சினை முதுகுத்தண்டில். எக்ஸ்ரேயில் இடுப்பு கெட்டிருப்பது தெரிந்துவிட்டது என்பதற்காக மற்றவற்றைப் பார்க்காமல் விடக் கூடாது. இடுப்பு கெட்ட நாய்க்கு முழங்காலும் அறுந்துபோகலாம்.

பரிசோதனை எப்படி நடக்கும், எங்கே பிழைக்கும்

கையால் செய்யும் பரிசோதனைக்கு ஒட்டோலானி என்று பெயர். நாய்க்கு மயக்கம் கொடுத்து, தொடை எலும்பை முதுகுப் பக்கம் தள்ளினால் தளர்ந்த உருண்டை குழியை விட்டு வெளியே வரும். பிறகு தொடையை மெல்ல விரிக்கும்போது அது 'டொக்' என்று உள்ளே விழுவது கைக்குத் தெரியும். இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. விழித்திருக்கும் குட்டிக்கு வலிக்கும், தசையை இறுக்கிக்கொள்வதால் விடையும் பொய்யாகும். பெரிய நாயில் 'டொக்' வரவில்லை என்றால் மூட்டு நல்லது என்று ஆகாது. உறை தடித்த பிறகும், குழி தட்டையாகிப்போன பிறகும் அந்த உணர்வு மறைந்துவிடும்.

வழக்கமான எக்ஸ்ரேக்கு நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டிச் சற்று உள்நோக்கித் திருப்பிப் பிடிப்பார்கள். இதற்கும் மயக்கம் தேவை. மயக்கமின்றி இருவர் அமுக்கிப் பிடித்து எடுத்த படத்தில் இடுப்பு சாய்ந்திருக்கும். சாய்ந்த படத்தில் ஒரு குழி உள்ளதைவிட ஆழமாகவும் மற்றது உள்ளதைவிட ஆழமற்றதாகவும் தெரியும். படம் கையில் கிடைத்ததும் நீங்களே மூன்றைச் சரிபார்க்கலாம்: இடுப்பெலும்பின் இரண்டு இறக்கைகளும் ஒரே அகலமா, தொடை எலும்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, முழங்கால் சில்லு இரண்டும் எலும்பின் நடுவில் விழுகின்றனவா. மூன்றில் ஒன்று பிழைத்தாலும் அந்தப் படத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். படம் சரியென்றால், உருண்டையின் பாதிக்கு மேல் குழிக்குள் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் படத்துக்கு ஒரு குறை உண்டு. காலை நீட்டி முறுக்கும்போது மூட்டின் உறையும் முறுகி, உருண்டையை உள்ளே தள்ளும். அதனால் தளர்ச்சி மறைந்துபோகலாம். அதற்காகவே பென்ஹிப் என்ற முறை வந்தது. ஆழ்ந்த மயக்கத்தில், கருவியொன்றைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, உருண்டை எவ்வளவு தூரம் வெளியே நழுவுகிறது என்பதை எண்ணாகத் தரும். 0.3 அல்லது அதற்குக் கீழ் என்றால் மூட்டு இறுக்கம். 1ஐ நெருங்க நெருங்க மூட்டு கழன்றுபோகும் நிலை. 16 வாரக் குட்டியிலேயே செய்யலாம் என்பது இதன் பெரிய பலம். தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே எடுப்பார்கள். கைக்கெட்டாவிட்டால், நான்கைந்து மாதத்தில் மயக்கத்தோடு செய்யும் ஒட்டோலானியும் சரியாக எடுத்த வழக்கமான படமும் சேர்ந்து நல்ல தகவல் தரும்.

இனப்பெருக்கத்துக்கான அதிகாரபூர்வ தரப்படுத்தல் தாமதமாகவே நடக்கும். அமெரிக்க முறையில் இறுதிச் சான்றிதழுக்கு 24 மாதம் ஆக வேண்டும். பிரித்தானிய முறையில் ஒரு வயதுக்குப் பின் எடுத்து, 0 முதல் 106 வரை புள்ளி இடுவார்கள். குறைந்த புள்ளியே நல்லது. குட்டி போட வைக்கலாமா என்ற கேள்விக்கு இவை விடை சொல்லும். உங்கள் குட்டியின் சிகிச்சையைத் தீர்மானிக்க இவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

ஒரு நாயை வைத்துக் கணக்குப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ரொக்கி என்று ஒரு நாயை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, ஆண் லாப்ரடோர், வயது 14 மாதம், எடை 38 கிலோ. ஏழு மாதத்தில் முயல் தாவல் தொடங்கியது, யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது காலையில் விறைப்பு, படியில் தயக்கம். படத்தில் இரு உருண்டைகளும் பாதிக்குக் குறைவாகவே மூடப்பட்டிருக்கின்றன. விளிம்பில் சிறிய எலும்பு முளைகள். குழியைத் திருப்பி வைக்கும் சத்திரசிகிச்சைக்கான காலம் ரொக்கிக்குக் கடந்துவிட்டது. மிஞ்சியிருப்பதில் முதலில் செய்ய வேண்டியது எடைக் குறைப்பு.

இலக்கு எடையைக் கையால் கண்டுபிடிக்கலாம். உங்கள் ஒரு கையை நீட்டி, மறுகை விரல்களால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்புகள் அந்தளவு மெல்லிய மூடலோடு கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையை அழுத்தித் தடவுவது போலச் சதைக்குள் எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை கூட. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடை ஒடுங்க வேண்டும். இப்படிப் பார்த்து வைத்தியர் ரொக்கிக்கு 32 கிலோ என்று இலக்கு வைக்கிறார்.

எடை குறைக்கும் நாய்க்கு நாளொன்றுக்குத் தேவையான கலோரியை, இலக்கு எடையிலிருந்து கணக்கிடுவார்கள்:

70 × (இலக்கு எடை கிலோவில்)^0.75

கைபேசிக் கணிப்பானிலேயே இதைச் செய்யலாம். 32 × 32 × 32 = 32,768. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 181. அதற்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்தால் 13.45. அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 940 கிலோகலோரி.

இப்போது ரொக்கி என்ன சாப்பிடுகிறது என்று எழுதிப் பார்த்தால்: உலர் உணவு 350 கிராம் (பையில் கிலோவுக்கு 3,600 கிலோகலோரி என்று இருக்கிறது), அதுவே 1,260. இரவில் வீட்டார் சாப்பிடும்போது ஒன்றரைக் கோப்பை சோறு, சுமார் 300. தேத்தண்ணி நேரத்தில் ஆளுக்கொன்றாக எட்டு மாரி பிஸ்கட், ஏறக்குறைய 180. மொத்தம் 1,740. சோற்றோடு சேரும் கறிக்குழம்பின் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதால் சம்பலும் கறியும் எப்படியும் கூடாதவை.

புதிய அளவு: உலர் உணவு 230 கிராம், அதாவது 828 கிலோகலோரி, இரண்டு வேளையாக. மீதி நூற்றுச் சொச்சத்தில் அவித்த போஞ்சி, பூசணி, கரட் துண்டுகள். பிஸ்கட் கேட்டு நிற்கும் நேரத்தில் கொடுப்பது இவற்றைத்தான். கோப்பையால் அளக்க வேண்டாம். ஒரே கோப்பையை இருவர் அள்ளினால் இரண்டு அளவு வரும், ஆகவே சமையலறைத் தராசில் கிராமில் நிறுங்கள். சாதாரண உணவை இவ்வளவு வெட்டும்போது புரதமும் விற்றமின்களும் குறைந்துபோகலாம். எடைக் குறைப்புக்கென்றே தயாரித்த மருத்துவ உணவு கட்டுப்படியானால் அதுவே மேல். அதற்கு கலோரி அளவு வேறு என்பதால் கிராமை மறுபடி கணக்கிட வேண்டும்.

குறையும் வேகம் வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. ரொக்கிக்கு அது 380 கிராம். ஆறு கிலோவுக்கு நான்கு முதல் ஐந்து மாதம் ஆகும். ஆனால் அவ்வளவு காலம் காத்திருந்துதான் பலனைக் காண வேண்டும் என்றில்லை. எடையில் 6 சதவீதம் போனதுமே, ரொக்கியின் கணக்கில் 2.3 கிலோ, நொண்டல் குறைவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளினிக்கில் உள்ள தரைத் தராசில் நிறுங்கள். இரண்டு முறை தொடர்ந்து எடை அசையாவிட்டால், அளவை இன்னும் வெட்டுமுன் வீட்டில் விசாரியுங்கள். பெரும்பாலும் அம்மம்மாவோ பிள்ளைகளோ வேலைக்கு வருபவரோ இரக்கப்பட்டு எதையாவது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய முழுப் பங்கையும் காலையில் ஒரு டப்பாவில் நிறுத்துப் போட்டு, யார் எதைக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்தே கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

எடையோடு தசையும் வேண்டும், இல்லாவிட்டால் மெலிந்த நாயின் இடுப்பைப் பிடித்து வைக்க ஒன்றும் இராது. சங்கிலியில் ஒரே சீரான நடை, தினம் இரண்டு முறை பத்துப் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். மறுநாள் காலை விறைப்பு கூடவில்லை என்றால் வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கூடினால் பாதியாக்கி மறுபடி ஏறுங்கள். பந்து எறிந்து பிடிக்கச் சொல்வதும் ஃபிரிஸ்பியும் வேண்டாம். திடீர் நிறுத்தமும் உடலை முறுக்கித் தாவுவதும் கெட்ட மூட்டைத்தான் தாக்கும். கொழும்பு வெயிலில் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடத்துங்கள். நீச்சல் மிக நல்லது, அலை அடிக்காத நீரில். கடற்கரை அலை நாயைப் பக்கவாட்டில் தள்ளும். வீட்டில் நாய் எழும்பும் இடம், சாப்பிடும் இடம், கதவு வரை போகும் பாதை, இந்த மூன்றிலும் ரப்பர் விரிப்புப் போட்டு, நகத்தை ஒட்ட வெட்டி வைத்தால் பெரும்பாலான வழுக்கல் நின்றுவிடும்.

வலிக்கு மருந்து

வைத்தியர் நாய்களுக்கென்று தரும் அழற்சி எதிர்ப்பு மருந்துகள், மெலொக்ஸிகம், கார்ப்ரொஃபென் போன்றவை, நன்றாகவே வேலை செய்யும். வலி குறைந்தால் நாய் நடக்கும், நடந்தால் தசை வளரும், அதற்காகவே அவற்றைத் தொடக்கத்தில் கொடுப்பது. தொடங்குமுன் ஈரல், சிறுநீரக இரத்தப் பரிசோதனை செய்து, சில வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டு மறுப்பு என்றால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அழைத்துச் சொல்லுங்கள். ஸ்டிரொயிட் எடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண் வந்து துளையே விழலாம். உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கும்போது கொடுத்தால் இரத்தக் கசிவு ஆபத்து கூடும். இரண்டும் இங்கே அடிக்கடி நேரக்கூடியவை, எனவே கடந்த மாதம் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டு அலுமாரியில் உள்ள மனித மருந்துகளைத் தொடவே கூடாது. இபுப்ரொஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோலையும் நீங்களாக அளவு போட்டுக் கொடுக்காதீர்கள். மீன் எண்ணெயின் ஒமேகா-3க்கு ஓரளவு ஆதாரம் உண்டு. குளுக்கோசமின் பற்றிய ஆதாரம் பலவீனம். அதற்குச் செலவழிக்கும் காசை விரிப்புக்கும் தராசுக்கும் போடுவது மேல்.

சத்திரசிகிச்சை எப்போது, எது

மிகச் சீக்கிரமாகச் செய்வது 12 முதல் 20 வாரத்துக்குள், முடிந்தால் 16 வாரத்துக்கு முன். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள வளர்ச்சிக் கோட்டைச் சூடு வைத்து மூடிவிடுவார்கள். மற்ற பகுதி தொடர்ந்து வளர்வதால், குழிகள் தாமாகவே உருண்டையின் மேல் கவிழும். சிறிய சிகிச்சைதான். ஆனால் அந்த வயதில் குட்டிக்கு எந்த அறிகுறியும் இராது, தேடிப் பரிசோதித்தவர்களுக்கு மட்டுமே இந்த வாய்ப்புக் கிடைக்கும். அடுத்தது ஏறக்குறைய 5 முதல் 10 மாதம் வரை. இடுப்பெலும்பை இரண்டு அல்லது மூன்று இடத்தில் வெட்டி, குழியைத் திருப்பித் தகடு வைத்துப் பூட்டுவது. படத்தில் வாதம் தொடங்கியிருந்தால் செய்யக் கூடாது. ரொக்கி தவறவிட்டது இதைத்தான்.

ஐந்து மாதத்துக்குப் பின் ரொக்கி 32 கிலோவுக்கு வந்து, வலி மருந்தை நிறுத்தியும் அரை மணி நேரம் நடந்தால் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கவே வேண்டாம். படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சிகிச்சை படத்துக்கல்ல, நாய்க்கு. எடை குறைந்தும், தினமும் மருந்து போட்டும் எழும்பத் திணறினால் இரண்டு வழி உண்டு.

ஒன்று, முழு இடுப்பு மாற்றீடு. உலோக உருண்டையும் செயற்கைக் குழியும் வைப்பார்கள். வளர்ச்சி முடிந்த பெரிய நாய்க்கு வலியில்லாத, இயல்பான நடையைத் திருப்பித் தருவதில் இதற்கு நிகரில்லை. செலவு அதிகம், இதில் தேர்ந்த அறுவை நிபுணரும் முழு அளவுக் கருவித் தொகுதியும் வேண்டும். உருண்டை கழன்று விழுதல், தொற்று, தொடை எலும்பு முறிதல் ஆகியவை அரிதாக நடக்கும், நடந்தால் பெரிய விடயம். தோலில் புண்ணோ காதில் சீழோ இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போட வேண்டும். ஆலோசனைக்குப் போகும்போது நிபுணரிடம் இதுவரை எத்தனை செய்திருக்கிறார், மூட்டுக் கழன்றால் யார் மறுபடி செய்வார் என்று நேரடியாகவே கேளுங்கள்.

மற்றது, தொடை எலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவது. எலும்பும் எலும்பும் உராயாததால் வலி போகும். அந்த இடத்தில் தசையும் தழும்பும் சேர்ந்து ஒரு போலி மூட்டை உருவாக்கும். உள்ளே வைக்க எதுவும் தேவையில்லை என்பதால் செலவு மிகக் குறைவு. சிறிய நாய்களில் நன்றாக வரும். 30 கிலோ நாயில் கால் சற்றுக் குட்டையாகி நடை கோணலாக இருக்கும், தசை பலமும் குறையும். கழுத்தை முழுதாக வெட்டாமல் ஒரு முனையை விட்டுவிட்டால் அது உராய்ந்து வலி தொடரும். ஆகவே சிகிச்சை முடிந்த அன்றே எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டுக்கும் பிந்திய பராமரிப்பு ஒன்றுக்கொன்று நேரெதிர். பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மாற்றீடு செய்த நாயை ஆறு முதல் எட்டு வாரம் வரை கட்டுப்படுத்தியே வைக்க வேண்டும். சங்கிலியில் வெளிக்குப் போய் வருவது மட்டும், படி இல்லை, டைல்ஸில் ஒரு முறையும் வழுக்கக் கூடாது. மூன்றாம் மாடி வீட்டில் லிஃப்ட் இல்லை என்றால் அந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குக் கீழ்த்தளத்தில் இடம் பார்த்துவிட்டே திகதி குறிக்க வேண்டும். தலையை வெட்டி எடுத்த நாயைக் கூட்டில் அடைத்து ஓய்வு கொடுத்தால் போலி மூட்டு விறைத்து, கால் நீட்ட முடியாமல் இறுகிவிடும். அதற்கு வலி மருந்தோடு முதல் சில நாளிலேயே காலைக் கையால் மெல்ல நீட்டி மடக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் மெதுவான நடையில் பாதத்தைத் தரையில் ஊன்ற வைக்க வேண்டும். நாய் காலைத் தூக்கிக்கொண்டே திரிந்தால் நடையை இன்னும் மெதுவாக்குங்கள். வேகமாக நடந்தால் மூன்று காலில் சமாளித்துவிடும், மெதுவாக நடக்கும்போது நான்காவதை வைத்தே ஆகும். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் முதல் ஆறு வாரத்துக்கு நாளுக்கு நாள் என்ன செய்வது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே எழுத்தில் வாங்கி, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.